அத்தா முந்திப் போனால், பாட்டனார் சொத்தில் பேரப்பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? படிப்படியான வழிகாட்டி

"பாட்டன் சொத்து பேரனுக்கு" என்ற பேச்சை மதுரைப் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. இந்துக் குடும்பங்களில் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. மகன் முன்னதாக இறந்திருந்தால் அவனுடைய பிள்ளைகள் அவன் இடத்தில் நின்று முதல் வகுப்பு வாரிசாகப் பங்கு வாங்குகிறார்கள். முஸ்லிம் குடும்பத்தில் அப்படி இடத்தில் நிற்கும் வழி இல்லை. பாட்டனாருக்கு இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு ஒரு பைசாகூட வராது. பாட்டனார் இறந்து, சொத்தைப் பிரிக்க உட்காரும் நாளில்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரிகிறது. செய்ய வேண்டியவற்றில் முக்கால்வாசியை அதற்குள் செய்ய முடியாமல் போயிருக்கும்.

கீழே உள்ளவை ஹனஃபி மத்ஹபுக்கு உரியவை. மதுரை வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் நடைமுறையில் இருப்பது அதுதான். ஷாஃபி குடும்பம் என்றால் மகன் இருக்கப் பேரனுக்கு இல்லை என்ற விதி அப்படியே பொருந்தும், ஹிபா எனப்படும் தானம் பற்றிய ஓரிடம் மாறும். அதை அங்கே சொல்கிறோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாட்டனார் உயிரோடு இருந்தால் அவர் பெயரில் உள்ள பத்திரங்கள், பட்டா, சொத்து வரி ரசீது, கடன் விவரம் வேண்டும். இறந்த மகனின் இறப்புச் சான்றிதழ், அவர் பெயரில் உள்ள சொத்து, வங்கிக் கணக்கு, கடன் பட்டியல் வேண்டும். நிக்காஹ் பதிவேட்டின் நகலை ஜமாஅத்தில் கேட்டு வாங்குங்கள். மஹர் எவ்வளவு பேசப்பட்டது, அதில் எவ்வளவு பாக்கி என்பது மூன்றாம் படியில் தேவைப்படும்.

1. யார் முதலில் இறந்தார் என்பதை உறுதி செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் முன் இரண்டு இறப்புத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முஸ்லிம் சட்டத்தில் பிறப்பால் சொத்துரிமை கிடையாது. ஒருவர் இறக்கும் நொடியில் யார் உயிரோடு இருக்கிறாரோ அவருக்குத்தான் பங்கு. ஆனால் அந்த நொடியிலேயே அந்தப் பங்கு அவருக்குச் சேர்ந்துவிடுகிறது. பத்திரம் மாற்றினார்களா, பாகம் பிரித்தார்களா என்பது வேறு விஷயம்.

இங்கேதான் பேரப்பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பாட்டனார் 1998-ல் இறந்தார், அத்தா 2006-ல் இறந்தார், வீடு இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "உங்க அத்தாவே இல்லையே, உங்களுக்கு ஏது பங்கு" என்று சித்தப்பா சொன்னால் அது தவறு. 1998-லேயே அத்தாவுக்குப் பங்கு வந்துவிட்டது. 2006-ல் அது அவருடைய வாரிசுகளான உங்களுக்கு இறங்கிவிட்டது. பாகப்பிரிவினைக்கு நீங்கள் முழு உரிமையோடு வழக்குப் போடலாம். அத்தா பாட்டனாருக்கு ஒரு மணி நேரம் பிந்தி இறந்திருந்தாலும் இதே கணக்குத்தான்.

இருவரும் ஒரே விபத்தில் இறந்து, யார் முந்தி என்று தெரியவே வழியில்லை என்றால் ஒருவர் மற்றவருக்கு வாரிசாக மாட்டார். அப்போது பிள்ளைகளின் நிலை, அத்தா முந்தி இறந்தது போலவே ஆகும். ஆகவே மருத்துவமனைப் பதிவில் நேரம் எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தாதான் முந்தி இறந்தார் என்பது உறுதியானால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

2. பாட்டனாரின் மக்களில் உயிரோடு இருப்பவர் யார் என்று பாருங்கள்

பேரப்பிள்ளைகளுக்கு எப்போதுமே இல்லை என்று நினைப்பதும் தவறு. பதில் முழுக்க, உயிரோடு ஒரு மகன் இருக்கிறாரா என்ற ஒரே கேள்வியில் தொங்குகிறது.

காரணம் இது. பராயிள் எனப்படும் வாரிசுப் பங்குக் கணக்கில் முதலில் குர்ஆனில் அளவு குறிக்கப்பட்டவர்கள் தங்கள் பங்கை எடுக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளவரின் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்பது போல. மீதியை அஸபா எனப்படும் ஆண்வழி உறவினர் எடுக்கிறார்கள். மகன் அளவு குறிக்கப்பட்டவர் அல்ல. அஸபாவில் முதல் ஆள். மகனின் மகனும் அஸபாதான், ஆனால் ஒரு படி தள்ளி நிற்பவர். குறிக்கப்பட்ட பங்குகளை உரியவர்களுக்குக் கொடுத்தபின் எஞ்சியது மிக நெருங்கிய ஆணுக்கு என்பது நபிமொழி. நெருங்கியவர் நிற்கும்போது தள்ளி நிற்பவருக்கு எதுவும் எஞ்சாது. பேரனை விலக்குவதற்கென்று தனியாக ஒரு விதி எழுதப்படவில்லை. சித்தப்பா ஒரு படி அருகில் இருப்பதால் பேரன் விலகுகிறான். அந்த விலகலில் அவனுடைய அக்கா தங்கையும் சேர்ந்தே விலகுகிறார்கள்.

ஒரு கணக்கைக் கடைசிவரை பார்ப்போம். நெல்பேட்டையில் ஒரு வீடு, மேலூர்ப் பக்கம் கொஞ்சம் நஞ்சை, வங்கியில் பணம். அடக்கச் செலவும் கடனும் போக பாட்டனாரின் சொத்து ₹1,44,00,000. (தமிழ்நாட்டில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விவசாய நிலத்துக்கும் ஷரீஅத் கணக்கே பொருந்தும், நிலத்தைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை.) குடும்பத்தில் பாட்டி, இளைய மகன், ஒரு மகள். மூத்த மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். அவருக்கு மனைவி, 14 வயது மகன், 10 வயது மகள்.

பாட்டிக்கு எட்டில் ஒன்று, ₹18 லட்சம். மீதி ₹126 லட்சம் இளைய மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், ₹84 லட்சமும் ₹42 லட்சமும். பேரன், பேத்தி இருவருக்கும் பூஜ்யம். மூத்த மகன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு ₹50,40,000 வந்திருக்கும்.

இப்போது இளைய மகன் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று வைத்துப் பாருங்கள். பாட்டிக்கு அதே ₹18 லட்சம். ஒரே மகளுக்குப் பாதி, ₹72 லட்சம். மீதி ₹54 லட்சம் அஸபாவுக்கு. அருகில் நிற்கும் ஆண் இப்போது பேரன்தான். அவன் தன் தங்கையையும் அஸபாவாகச் சேர்த்துக்கொள்வான். பேரனுக்கு ₹36 லட்சம், பேத்திக்கு ₹18 லட்சம். அத்தைமார் பேரனை விலக்குவதில்லை. விலக்குபவர் உயிரோடு இருக்கும் மகன் மட்டுமே.

இறந்த மகனுக்குப் பெண்பிள்ளைகள் மட்டுமே என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பாட்டனாருக்கு மகன் இல்லாமல் ஒரே மகள் இருந்தால் மகன்வழிப் பேத்திகள் எல்லோருக்கும் சேர்த்து ஆறில் ஒன்று. இரண்டு மகள்கள் இருந்தால் அவர்களே மூன்றில் இரண்டை எடுத்துவிடுவார்கள், பேத்திகளுக்கு இல்லை.

மருமகள் மாமனாருக்கு எந்தக் கணக்கிலும் வாரிசு அல்ல. மகள் முந்தி இறந்திருந்தால் அவளுடைய பிள்ளைகள் தூரத்து உறவினர் வரிசையில் வருவதால், மகனோ மகளோ இருக்கும்போது அவர்களுக்கும் வராது.

இணையத்தில் ஒரு குழப்பம் சுற்றுகிறது. "பேரனுக்கு அத்தாவின் பங்கு உண்டு, சட்டம் இருக்கிறது" என்று சில காணொளிகள் சொல்கின்றன. அது பாகிஸ்தானில் 1961-ல் வந்த குடும்பச் சட்டம், வங்கதேசத்திலும் தொடர்கிறது. எகிப்து போன்ற சில நாடுகளில் கட்டாய வஸிய்யத், அதாவது கட்டாய உயில் என்ற ஏற்பாடு உண்டு. இந்தியாவில் இவை எதுவும் செல்லாது. அதை நம்பி வழக்குப் போட்டால் நீதிமன்றக் கட்டணமும் வருடங்களும்தான் போகும்.

3. இறந்த மகனின் சொந்தச் சொத்தை முதலில் பிரித்தெடுங்கள்

பாட்டனார் சொத்தைப் பற்றிய கவலையில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அத்தாவின் சொந்தச் சொத்தில் பிள்ளைகள் முதல்தர வாரிசுகள். அதை யாரும் விலக்க முடியாது. எது அவருடையது என்று நிரூபிப்பதில்தான் சிக்கல்.

மகன் பாட்டனார் கடையில் இருபது வருடம் உழைத்திருப்பார். முஸ்லிம் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற அனுமானம் கிடையாது. கடை பாட்டனார் பெயரில் இருந்தால் பாட்டனாருடையது. பங்குதாரராக இருந்தார் என்றால் கூட்டு ஒப்பந்தம், வரிக் கணக்கு, வங்கிக் கணக்கில் முதல் போட்ட தடயம் என்று ஏதாவது காட்ட வேண்டும். அவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் பாட்டனார் பெயரில் இடம் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய வங்கித் தாள்களை இப்போதே எடுங்கள். பாட்டனார் உயிரோடு இருக்கும்போது "இது என் மகன் பணத்தில் வாங்கியது" என்று அவரே ஒப்புக்கொண்டு அந்த இடத்தைப் பேரப்பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடுவது சுலபம். அவர் போனபின் அதே இடத்துக்காக சித்தப்பாவோடும் அத்தையோடும் வாதாட வேண்டிவரும்.

பிரிக்கும் வரிசை இது: அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் இருந்தால் அது, பிறகு வாரிசுகள். மனைவிக்குப் பாக்கி மஹர் இருந்தால் அது கடன். பங்கு வைப்பதற்கு முன் கொடுபட வேண்டும். மஹரைக் கேட்க மருமகள் கூச்சப்படுவார், மாமியார் வீட்டில் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். அதனால்தான் நிக்காஹ் பதிவேட்டின் நகல் வேண்டும் என்றோம்.

எல்லாம் போக மூத்த மகனின் சொத்து ₹36 லட்சம் என்று வைப்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று ₹4,50,000. தந்தைக்கு ஆறில் ஒன்று ₹6 லட்சம், தாய்க்கு ஆறில் ஒன்று ₹6 லட்சம். மீதி ₹19,50,000 பிள்ளைகளுக்கு: மகனுக்கு ₹13 லட்சம், மகளுக்கு ₹6,50,000.

இங்கே ஒரு விஷயத்தைப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். மகன் சொத்திலிருந்து பாட்டனாருக்கு ₹6 லட்சம் போகிறது. அவர் இறக்கும்போது அதுவும் அவருடைய சொத்தோடு கலந்து சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் போய்விடும். அநாதைப் பிள்ளைகளின் அத்தா சம்பாதித்தது, அந்தப் பிள்ளைகளுக்கே திரும்பாது. பாட்டனாரும் பாட்டியும் மனம் வைத்தால் அந்த ஆறில் ஒரு பங்கை அப்போதே பேரப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலான பெரியவர்களுக்கு மறுப்பு இருப்பதில்லை. தங்களுக்கு அப்படி ஒரு பங்கு வந்திருக்கிறது என்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

4. வஸிய்யத்: பாட்டனார் எழுத வேண்டிய முதல் தாள்

பேரப்பிள்ளைகள் வாரிசு இல்லை என்பது ஒரு கதவை மூடுகிறது, இன்னொன்றைத் திறக்கிறது. வாரிசுக்கு வஸிய்யத் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு அல்லாதவருக்கு நிகரச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை யாருடைய சம்மதமும் இல்லாமல் எழுதலாம். மூன்றில் ஒன்று என்ற வரம்பு, சஅது இப்னு அபீவக்காஸ் அவர்களுக்கு நபிகளார் சொன்ன பதிலிலிருந்து வருவது.

நம் கணக்கில் பார்த்தால் இதன் அளவு புரியும். ₹144 லட்சத்தில் மூன்றில் ஒன்று ₹48 லட்சம் பேரப்பிள்ளைகளுக்கு. மீதி ₹96 லட்சத்தில் பாட்டிக்கு ₹12 லட்சம், இளைய மகனுக்கு ₹56 லட்சம், மகளுக்கு ₹28 லட்சம். பேரப்பிள்ளைகளுக்கு வருவது, அவர்கள் அத்தா உயிரோடு இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய ₹50,40,000-க்கு மிக அருகில். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இளைய மகனுக்கும் அதே ₹50,40,000-தான். வஸிய்யத்துக்குப் பிறகும் அவருக்கு அதைவிடக் கூடுதலாகவே வருகிறது. "என் பங்கை எடுத்துக் கொடுக்கிறார்" என்று அவர் வருந்தினால் இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

எழுதும் முறை:

வஸிய்யத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். வாய்மொழியாகச் சொன்னாலும் ஷரீஅத்தில் செல்லும். ஆனால் நீதிமன்றத்தில் வாய்மொழி வஸிய்யத்தை நிரூபிப்பது மிகக் கடினம். ஆகவே எழுதி, இரண்டு சாட்சிகள் வைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பாட்டனாரே நேரில் வந்து கையெழுத்திட்டார் என்பதற்கு அதைவிடப் பலமான சான்று வேறில்லை. சாட்சியாக வாரிசுகளை வைக்காதீர்கள். வயதில் இளைய வெளியாட்கள் நல்லது. வயதான சாட்சி தேவைப்படும் நேரத்தில் இருக்கமாட்டார்.

"நெல்பேட்டை வீடு பேரனுக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். மூன்றில் ஒன்று என்பது இறக்கும் நாளின் மதிப்பில் கணக்கிடப்படும். இன்று ₹40 லட்சம் உள்ள வீடு பத்து வருடத்தில் மொத்தச் சொத்தில் பாதியாகிவிடலாம். அப்போது வரம்பைத் தாண்டிய பகுதி வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். "என் நிகரச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு; அதில் முதலில் இன்ன வீட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

பேரனுக்கு எவ்வளவு, பேத்திக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டுக்கு ஒன்று என்பது வாரிசுப் பங்குக்கு உரியது. வஸிய்யத்தில் பிரித்துச் சொல்லாவிட்டால் சமமாகவே போகும். பெறுபவர் பாட்டனாருக்கு முன் இறந்தால் அவருக்கான வஸிய்யத் விழுந்துவிடும். அப்படி நேர்ந்தால் யாருக்கு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

மகன்கள் கையெழுத்திட்டிருப்பதால் மூன்றில் ஒன்றைத் தாண்டி எழுதலாம் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஹனஃபி முறையில் வாரிசின் சம்மதம் பாட்டனார் இறந்தபின் கொடுத்தால்தான் கணக்கு. முன்கூட்டியே கொடுத்ததை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. வாரிசா இல்லையா என்பது வஸிய்யத் எழுதிய நாளில் அல்ல, பாட்டனார் இறக்கும் நாளில் பார்க்கப்படும். இடையில் இளைய மகனும் இறந்து போனால் பேரன் வாரிசாகிவிடுவான், வஸிய்யத்துக்குப் பாட்டி, அத்தை சம்மதம் தேவைப்படும். ஆகவே குடும்பத்தில் ஒரு மரணம் நடந்தால் வஸிய்யத்தை எடுத்து மறுபடி படியுங்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம்.

5. ஹிபா: உயிரோடு இருக்கும்போதே கொடுப்பது

ஹிபாவுக்கு மூன்றில் ஒன்று என்ற வரம்பு இல்லை. கொடுத்து, கைமாற்றிவிட்டால் பேரப்பிள்ளையிடமிருந்து திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால் பாட்டனாரும் பாட்டியும் தங்களுக்குப் பிழைப்புக்கு வைத்துக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். முழுச் சொத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கை ஏந்தி நிற்க யாரையும் தூண்டாதீர்கள்.

ஹிபாவுக்கு மூன்று வேண்டும்: கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, அனுபவத்தை ஒப்படைத்தல். மூன்றாவதில்தான் பெரும்பாலான ஹிபாக்கள் விழுகின்றன. பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் வாடகையைப் பாட்டனாரே வாங்கியிருப்பார், வரி அவர் பெயரிலேயே இருக்கும். பதிவு மட்டும் ஹிபாவைக் காப்பாற்றாது. மறுபக்கம், அனுபவம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் பதிவு இல்லாத ஹிபாவும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஹஃபீஸா பீபி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் பட்டா மாறுதலுக்கும் பிற்காலச் சண்டைக்கும் பதிவுப் பத்திரம் இல்லாமல் சமாளிப்பது சிரமம். பேரப்பிள்ளைக்குப் பாட்டனார் எழுதும் தான செட்டில்மெண்டுக்குக் குடும்ப உறுப்பினருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. இன்றைய தொகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைனர் பேரப்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சலுகை இருக்கிறது. அத்தா இறந்து, அவர் யாரையும் காப்பாளராக நியமிக்காமல் போயிருந்தால், பிள்ளைகளின் சொத்துக்குச் சட்டப்படியான காப்பாளர் பாட்டனாரேதான். காப்பாளரே தன் பொறுப்பில் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கும்போது தனியாக ஒப்படைப்பு தேவையில்லை. "கொடுத்துவிட்டேன், இனி அவர்களுக்காக நான் வைத்திருக்கிறேன்" என்ற உண்மையான அறிவிப்புப் போதும். அதையே பத்திரத்தில் எழுதுங்கள். அதற்கு ஏற்ப சொத்து வரி, மின் இணைப்பு, பட்டா ஆகியவற்றை மைனர் பெயருக்கு மாற்றி, வாடகையை அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த அறிவிப்பு வெறும் எழுத்து என்று பிற்பாடு வாதிடுவார்கள்.

வீட்டின் பிரிக்கப்படாத பாதியைக் கொடுப்பது ஹனஃபி முறையில் குறையுள்ள ஹிபா. பிரித்து ஒப்படைத்தால்தான் சரியாகும். சர்வேயரை வைத்து அளந்து, நான்கு எல்லை போட்டு, பேரனுக்கு இது, பேத்திக்கு இது என்று தனித்தனியாக எழுதினால் பிரச்சினை இல்லை. ஷாஃபி முறையில் பிரிக்காத பங்கையும் கொடுக்கலாம். முன்னே சொன்ன வேறுபாடு இதுதான்.

"என் ஆயுளுக்குப் பிறகு சேர வேண்டியது" என்ற ஒரு வரியைப் பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த வரி வந்தால் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது ஹிபா ஆகாது. வஸிய்யத்தாகவே பார்க்கப்படும், மூன்றில் ஒன்று என்ற வரம்பும் வந்துவிடும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மரணப் படுக்கையில் கொடுப்பதும் இப்படித்தான். மூன்றில் ஒன்றுக்குள் மட்டுமே செல்லும். நடமாட்டம் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

6. பிள்ளைகள் மைனர் என்றால் காப்பாளரை இப்போதே குறியுங்கள்

முஸ்லிம் சட்டத்தில் தாய் பிள்ளையை வளர்க்கும் உரிமை உடையவர். ஆனால் பிள்ளையின் சொத்துக்குத் தானாகக் காப்பாளர் ஆகமாட்டார். அத்தா, அவர் நியமித்தவர், பாட்டனார், பாட்டனார் நியமித்தவர் என்பதே வரிசை. பாட்டனார் யாரையும் நியமிக்காமல் இறந்துவிட்டால், பிள்ளைகள் பெயரில் சொத்து இருந்தும் படிப்புச் செலவுக்கு அதைத் தொட முடியாமல் தாய் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டிவரும். தாய் தன் விருப்பத்தில் விற்ற மைனர் நிலத்தை வாங்கியவரும் பிறகு சிக்குவார்.

ஆகவே வஸிய்யத்திலேயே ஒரு பத்தி சேருங்கள்: "என் பேரப்பிள்ளைகளின் சொத்துக்கு அவர்கள் தாயைக் காப்பாளராக நியமிக்கிறேன்." தாயையே பாட்டனார் நியமிக்கலாம், தடையில்லை.

7. எதுவும் எழுதாமல் பாட்டனார் இறந்துவிட்டால்

முதலில் இந்த மூன்றையும் உரிமை என்று நம்பி ஏமாற வேண்டாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பேரன் பெயர் இருந்தாலும் அது பங்கைத் தீர்மானிக்காது. வங்கி வைப்பில் பேரன் நாமினி என்றால் பணத்தை வாங்க அவனுக்கு அதிகாரம் உண்டு, வைத்துக்கொள்ள இல்லை. ஜமாஅத் கூட்டத்தில் "கொடுத்துவிடுவோம்" என்று சொன்னதும் பத்திரம் ஆகும்வரை பேச்சுதான்.

இனி மிஞ்சுவது வாரிசுகளின் மனம். அந்நிஸா அத்தியாயத்தின் 8-வது வசனம், பங்கீட்டின்போது உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள், நல்ல சொல் சொல்லுங்கள் என்கிறது. இதை வைத்து வழக்குப் போட முடியாது. ஆனால் ஹஜ்ரத்தையோ முத்தவல்லியையோ வைத்துப் பேசும்போது சித்தப்பாவின் முன் வைக்க இதைவிட வலுவான சொல் இல்லை. பங்கீடு நடக்கும் முன் பேசுங்கள். அவரவர் பெயருக்குப் பட்டா மாறிவிட்டால் யாரும் அளந்து கொடுக்க உட்காரமாட்டார்கள்.

சம்மதித்தால் பத்திரத்தின் வகையில் தவறு செய்யாதீர்கள். விடுதலைப் பத்திரம் பங்குதாரர்களுக்குள் எழுதுவது. பேரன் பங்குதாரரே இல்லை என்பதால் அவனுக்கு விடுதலை எழுதினால் பிற்காலத்தில் சிக்கல் வரும். பாட்டி, சித்தப்பா, அத்தை ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து கொடுப்பதைத் தான செட்டில்மெண்டாக எழுதி, ஒப்படைக்க வேண்டும். பாட்டி பேரனுக்கு எழுதுவதற்கும் சித்தப்பா அண்ணன் மகனுக்கு எழுதுவதற்கும் முத்திரைத் தீர்வை ஒன்றாக இருக்காது. பதிவுக்கு முன் கேட்டுவிட்டு, செலவு குறையும்படி யார் எந்தச் சொத்தைக் கொடுப்பது என்று பாகப்பிரிவினையிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். பாட்டி தன் எட்டில் ஒன்றில் நெல்பேட்டை வீட்டின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அளந்து, பேரப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பது நம் கணக்குக் குடும்பத்தில் எளிதான வழி.

வாரிசுகளில் ஒருவர் மைனர் என்றால் அவர் பங்கிலிருந்து யாரும் தானம் கொடுக்க முடியாது, அவருடைய காப்பாளரும்கூட. அந்தப் பங்கை முதலில் தனியே பிரித்து ஒதுக்கிவிட்டு, பெரியவர்கள் தங்கள் பங்கிலிருந்து மட்டும் எழுத வேண்டும்.